எடை எடுக்கும் இடம்

கறிக்கோழி வளர்க்கிறவர்களிடம் ஒப்பந்தத்தைக் கொடுத்தால் கடைசித் தாளைத்தான் முதலில் திருப்புவார்கள். கிலோவுக்கு வளர்ப்புக் கூலி எவ்வளவு என்பது அங்கேதான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு அதற்குக் கீழேயே கையெழுத்தையும் போட்டுவிடுவார்கள். நாமகிரிப்பேட்டைப் பக்கம் இதுதான் எங்கள் வழக்கம். நானும் அதற்கு விலக்கல்ல. கல்யாணப் பத்திரிகை வந்தால் தாய்மாமன் பெயரிலிருந்து அச்சகத்தின் பெயர் வரை படிக்கிற ஆள் நான். பிழைப்பு எழுதியிருக்கிற தாளைப் படிக்க மட்டும் சோம்பல்.

கம்பெனி குஞ்சும் தீவனமும் மருந்தும் தரும். கோழி அடைக்கும் கொட்டாய், தண்ணீர், கரண்டு, உழைப்பு எல்லாம் எங்களுடையது. என் கணவர் லாரியில் வடக்கே போனால் மாதக்கணக்கில் திரும்ப மாட்டார். அவர் சம்பாத்தியத்தில் குடும்பம் ஓடுகிறது. கொட்டாய் மேலிருக்கும் வங்கிக் கடனைக் கொட்டாய்தான் கட்டியாக வேண்டும். வளர்ப்புக் கூலி நாலு தடவை குறைந்தால் போதும், கொட்டாய் எங்கள் கையில் இருக்காது.

அந்த வருஷம் ஒப்பந்தம் புதுப்பிக்கிற சமயம் கம்பெனி சூப்பர்வைசர் வந்து புதுத் தாள்களைக் கொடுத்தார். “பழசேதானுங்க அக்கா. ரேட்டு மட்டும் ஏத்தியிருக்காங்க. கையெழுத்துப் போட்டு வையுங்க, நாளன்னைக்கு வந்து வாங்கிக்கறேன்” என்றார். கடைசித் தாளைத் திருப்பினேன். கிலோவுக்கு ஐம்பது பைசா கூடியிருந்தது. சந்தோஷம் எனக்குத் தாங்கவில்லை.

என் கணவரின் அக்கா ராசிபுரத்தில் பத்திர எழுத்தர். நங்கையா என்று கூப்பிடுவேன். அவருக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம் என்று ஊரே சொல்லும். கோழி வளர்ப்பில் இறங்கியபோது, “ஊட்டுக்குள்ள காசு வர்ற வழியாத் தெரியலையே” என்று சொன்னவர் அவர். அவரிடம் ரேட்டு கூடியதைக் காட்டிப் பீற்றிக்கொள்ளத்தான் தாள்களை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். என் நல்ல காலம், எனக்குப் பீற்றல் குணம் இருந்தது.

அவர் கடைசித் தாளைப் பார்க்கவே இல்லை. “பழசு எங்க?” என்றார்.

பொதுவாகக் கம்பெனிக்காரர்கள் எங்களுக்கு நகல் தருவதில்லை, நாங்களும் கேட்பதில்லை. கடன் வாங்கும்போது வங்கியில் கேட்டதால் நான் பழையதைப் போனில் படம் பிடித்து வைத்திருந்தேன். நங்கையா அதை அச்செடுத்து என் கையில் கொடுத்தார். பத்திர ஆபீஸ் பக்கம் ஒரு முறை உண்டு. ஒருவர் ஒன்றைச் சத்தமாக வாசிக்க, இன்னொருவர் ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்து மற்றதைப் பார்த்துக்கொண்டே வருவார்.

“வாசி சாமி. கமா, புள்ளி எல்லாம் சொல்லோணும். முழுங்கிப்புடாத.”

“பூராவுமேங்களா?”

“பின்ன, ருசி பாக்கவா வந்தே?”

வாசித்தேன். முதல் தாள் முழுக்க ஒன்றுபோலவே இருந்தது. இந்தச் சொல்லுக்கு இது பொருள், அந்தச் சொல்லுக்கு அது பொருள் என்று வரிசையாக எழுதியிருக்கும் பகுதி அடுத்து வந்தது. எனக்குக் கொட்டாவி வந்தது. “எடை என்பது, கமா, பண்ணை வாசலில் இரு தரப்பார் முன்னிலையில் வண்டியில் ஏற்றுவதற்கு முன் எடுக்கப்படும் எடையாகும்” என்று நான் ராகம் போட்டுக்கொண்டிருக்கையில் ஸ்கேல் நின்றுவிட்டது.

“இதுல அப்படி இல்ல. எடை என்பது நிறுவனம் குறிப்பிடும் இடத்தில் எடுக்கப்படும் எடையாகும். அவ்வளவுதான்.”

கடைசி வரைக்கும் வாசித்து முடித்தோம். கூலியையும் தேதிகளையும் விட்டால் மாறியிருந்தது அந்த ஒரு வரிதான். அவர் கண்ணாடியைக் கழற்றினார். “வித்தியாசத்த நான் காட்டிட்டேன். அதுல என்ன வில்லங்கம்னு நீதான் சொல்லோணும். கோழியப் பத்தி எனக்கென்ன தெரியும்?”

அவர் தெரியாது என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கோ அந்த ஒரு வரியிலேயே வில்லங்கம் புரிந்துவிட்டது. கோழி பிடிக்கிற நாளில் தீவனத்தை முன்கூட்டியே எடுத்துவிடுவோம். பிறகு கோழி கூண்டில் குலுங்கி, எச்சம் போட்டு, மூச்சு வாங்கியபடியே போகும். வழி நீள நீள எடை இறங்கும். வெயிலில் சிலது செத்தும் போகும். வாசலில் எடை போட்டால் அந்த நஷ்டம் வண்டியோடு போய்விடும். போய்ச் சேர்ந்த இடத்தில் போட்டால் அது என் தலையில் விழும்.

“அதோட போச்சுங்களா நங்கையா? தீவனம் எத்தன தின்னுச்சு, அதுக்கு எத்தன எடை வந்துச்சுன்னு பார்த்துத்தான் கூலியே போடுவாங்க. தின்ன தீவனம் குறையாது. எடை மட்டும் குறையும். அப்ப கிலோவும் குறையும், கிலோவுக்கு உண்டான கூலியும் குறையும்.”

“அப்ப இந்த அம்பது பைசா?”

“ஒரு கையில குடுத்து ரெண்டு கையில வாங்கறதுங்க.”

அவர் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து, பழைய வரியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். “சண்டைக்குப் போகாத. மாத்தினது ஏன்னு மொதல்ல கேளு. உன்ற வாய்க்கு அது கஷ்டந்தான்.”

மறுநாள் கம்பெனிக் கிளை ஆபீஸுக்குப் போனேன். கூடவே நங்கையாவும் வந்தார், கேட்காமலே. சூப்பர்வைசர் பழைய ஒப்பந்தத்தையும் புதியதையும் பார்த்து முகம் வெளிறிப்போனார். “சத்தியமா நானும் ரேட்டுத்தான் அக்கா பார்த்தேன்” என்றார். நம்பினேன், நானே அப்படித்தானே.

மேனேஜர் மறைக்கவில்லை. சில பண்ணைகளில் தராசில் கைவைத்ததாகவும், வெறுங்கூண்டின் எடையைக் கழிக்காமல் விட்டதாகவும் சொன்னார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வழக்கமாக நான் எகிறியிருப்பேன். நங்கையா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்ததால் நிதானமாகச் சொன்னேன்: முத்திரை போட்ட தராசை நீங்களே கொண்டு வாருங்கள், கூண்டை முதலில் போட்டுக் கழியுங்கள், உங்கள் ஆளும் நானும் சீட்டில் கையெழுத்துப் போடுகிறோம், ஆனால் எடை என் வாசலில்தான். அவர் மேலிடத்துக்குப் போன் செய்தார். எங்களை வெகு நேரம் காக்க வைத்தார். கடைசியில் சரி என்றார். அந்த வரியை அடித்து, இந்த ஏற்பாட்டைக் கையால் எழுதி, திருத்திய இடத்தில் இரு தரப்பும் சுருக்கொப்பம் போட்டோம். இரண்டு பிரதியிலும் போட வேண்டும் என்று நங்கையா நின்றார். ஒரு பிரதியைக் கையோடு வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தார்.

சித்திரையில் ஒரு தொகுதிக் கோழியை விடியற்காலையில் பிடித்தார்கள். வாசலில் எடை போட்டு இருவரும் கையெழுத்திட்டோம். மத்தியானம் சூப்பர்வைசர் போன் செய்தார். ஆத்தூர் தாண்டி அச்சு முறிந்து வண்டி வெட்டவெளியில் நிற்பதாகவும், நிழலே இல்லையென்றும், பாதிக்கு மேல் செத்துவிட்டதென்றும் சொன்னார். நாளெல்லாம் பார்த்து வளர்த்த உயிர்கள்.

“உங்க கணக்குக்கு ஒண்ணும் இல்லீங்க அக்கா. வாசல்ல போட்ட எடைதான். சீட்டு எங்கிட்ட இருக்குது” என்றார்.

செத்த கோழிகளை நினைத்தும் அழுதேன், கொட்டாய் பிழைத்ததை நினைத்தும் அழுதேன். பிறகு ராசிபுரத்துக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் யாரும் யாருக்கும் நன்றி சொல்லிப் பழக்கமில்லை. சொன்னால் கேலி செய்வார்கள். அன்றைக்கு நான் சொன்னேன். “நீங்க மட்டும் இல்லீன்னா இன்னைக்கு நானு தெருவுல நின்னிருப்பேனுங்க நங்கையா. ரொம்ப நன்றிங்க.”

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. “அழுவாத சாமி” என்றார், அழுதுகொண்டே. “இந்தா, ஆபீஸச் சாத்திட்டு வாரேன்.”

சாயங்கால பஸ்ஸில் வந்து இறங்கினார். காலியாகக் கிடந்த கொட்டாயை இரண்டு பேரும் சேர்ந்து கூட்டினோம்.