படகாய் வளைந்த பலகை

மலையடிவாரத்தில் நாங்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடையில் காய் அரிவது நான். கழுவுவது என் வீட்டுக்காரர். சுத்தப் பைத்தியம் அவர். என் மரப்பலகையைத் தினமும் தண்ணீரில் ஊறப்போட்டு, உச்சி வெயிலில் சாத்திவைத்தே பிளக்கவைத்தார். விரிசலில் அழுக்கு சேருகிறது என்று அதைத் தூக்கிப்போட்டவரும் அவரே! அடுத்து அவர் வாங்கிவந்த மூங்கில் பலகை கல் மாதிரி; இரண்டே நாளில் என் கத்தியை மழுக்கிவிட்டது. பிளாஸ்டிக் பலகை கத்தியைக் கெடுக்கவில்லை, ஆனால் அதன் கீறல்களில் ஏறிய வெங்காய நாற்றம் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

கடைசியில் நானே சென்னைக்கு ரயிலேறி ரப்பர் பலகை வாங்கிவந்தேன். கத்தி மெத்தென்று இறங்கியது. வெடிக்கும் என்ற பயமும் இல்லை. அதற்குச் சூடு மட்டும் ஆகாது என்று இவரிடம் மூன்று முறை சொன்னேன்.

ஆடிக் கிருத்திகையன்று காலையில் பார்த்தால், அது படகுபோல வளைந்து கிடக்கிறது.

"கிருமி சாவட்டும்னு கொதிக்கிற தண்ணி ஊத்தனேன்" என்றார்.

வாசலில் காவடிக் கூட்டம் பசியோடு நின்றது. கத்தியை அவர் கையில் திணித்தேன்.

"ஒரு மூட்ட கோஸ் கீது. இதும்மேலயே வச்சி நீங்களே அரிங்க!"

பலகை ஆட ஆட அரிந்தார். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. கண் மட்டும் அவர் விரல்களை விட்டு நகரவில்லை.