ஓராள் குழு

அவனுக்குப் பேச்சுத் துணை குறைவு. கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன், ஒரு ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மாதக்கணக்காகத் தனியே குந்தியிருந்து, மெஷின் சொல்லும் முடிவு கைபடாமல் நேரே டாக்டரின் கம்ப்யூட்டர் திரைக்குப் போகும்படி செய்தான். ஆறு மணி நேரம் இழுத்த ரிப்போர்ட் நாற்பது நிமிஷத்தில் வந்தது.

அதைப் புது வாடிக்கையாளர்களுக்குக் காட்ட, கம்பெனியில் எழுதுகிற பெண் ஒரு கட்டுரை எழுதி, சரிபார்க்க அவனுக்கு அனுப்பினாள். "எங்கள் குழு உழைத்தது" என்றிருந்தது. அவன் மனசு சுருங்கிப்போயிற்று.

"குழுவில எத்தனை பேருங்க?" என்று அவள் போனில் கேட்டாள்.

"நான் மட்டுந்தாங்க."

"ஒருத்தர்னு போட்டா மேலிடம் ஒத்துக்காது. சரி, நிமிஷத்தை இருபதுன்னு போடட்டுமா? எடுப்பா இருக்கும்."

"சந்தேகம் வந்து மறுபடி சோதிச்ச ரத்தத்தையெல்லாம் விட்டுட்டுக் கணக்குப் பாத்தாத்தான் இருபது வரும். நாற்பதுதான்." பிடித்த பிடியை அவன் விடவில்லை.

ஆஸ்பத்திரி சார்பில் கட்டுரைக்குச் சம்மதம் தரவேண்டிய பரிசோதனைக் கூடத்து அம்மா படித்துவிட்டு அவனையே போனில் கூப்பிட்டாள்.

"நிமிஷக் கணக்கை உள்ளபடி போட்டிருக்கீங்க, கையெழுத்துப் போட்டுட்டேன். அதென்ன தம்பி குழு? ஒருநாளும் கண்ணுல படலையே! நீங்க தனியா மூலையில சாப்பிட்டதைத்தானே பாத்தோம்!"

அவன் வாய்விட்டுச் சிரித்தான். போனை வைத்தபின் அறையில் வழக்கம்போல யாருமில்லை. தன்னைப் பார்த்த கண் ஒன்று இருந்திருக்கிறதே என்று எண்ணிக்கொண்டே தட்டில் சோற்றைப் போட்டான்.