மோட்டார் ரூமுக்கு ஒரு நிமிட வீடியோ

மகளின் பிரசவத்துக்காக ஒரு மாதம் கோவையில் தங்க வேண்டியிருந்தது. பீர்க்கன்கரணையில் எங்கள் குடியிருப்பில் எட்டு வீடு. எட்டுக்கும் மோட்டார் போட்டு மேல்தொட்டியை நிரப்புவது நான்தான். போன முறை நான் ஊரில் இல்லாதபோது யாரோ வால்வைத் திறக்காமல் மோட்டாரை ஓடவிட்டுக் கருக வைத்தார்கள். கல்யாண வீட்டிலிருந்து பாதியில் ஓடி வந்தேன். பேரப்பிள்ளையை விட்டு அப்படி ஓடி வருவதாக இல்லை.

அதனால் வீடியோ எடுப்பது என்று முடிவு செய்தேன். கையில் இருந்தது போன் மட்டும்தான். அதில் நான் அதுவரை எடுத்ததெல்லாம் கோலமும் வடாமும்.

முதலில் நோட்டில் ஒரே ஒரு வரி எழுதினேன்: 'மோட்டார் கருகாமல் தொட்டியை நிரப்புவது எப்படி?' தொட்டி கழுவுவது, யார் எப்போது குளிக்க வேண்டும் என்பது போன்ற என் மற்ற உபதேசங்களை அடித்துவிட்டேன். பிறகு பேச்சை எழுதி, கடிகாரத்தைப் பார்த்தபடி சத்தமாகப் படித்தேன். மூன்று நிமிடம் வந்தது. பாதிக்கு மேல் நான் திட்டிக்கொண்டிருந்தேன். திட்டை எடுத்ததும் ஒரு நிமிடத்தில் அடங்கியது. ஒவ்வொரு வரிக்கும் எதிரே என்ன காட்ட வேண்டும் என்று குறித்தேன்.

காலை வெளிச்சம் மோட்டார் ரூமுக்குள் விழும்போது, புடவைத் தலைப்பால் லென்ஸைத் துடைத்து, போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தேன். பார்ப்பவர்களும் போனில்தானே பார்ப்பார்கள். மோட்டார் இரைச்சலில் என் குரல் எடுபடவில்லை. குரலைத் தனியாகப் படுக்கையறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்தேன். எடிட்டிங் ஆப்பில் தேவையில்லாததை வெட்டி, குரலைச் சேர்த்தேன்.

முதல் மாடியில் இருக்கும் டீச்சரிடம் காட்டி, "இதப் பாத்து மோட்டார் போடும்மா. நான் வாயே திறக்க மாட்டேன்," என்றேன். அவள் மோட்டார் ரூமில் திகைத்து நின்றாள். அங்கே ஒரே மாதிரி இரண்டு வால்வு. ஒன்று தொட்டிக்கு, மற்றது தோட்டத்துக் குழாய்க்கு. அவள் கை தோட்டத்து வால்வுக்குப் போனது. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"இதுல எது, அக்கா? வீடியோல ஒண்ணுதான தெரியுது."

தப்பு என்னுடையது. என் கை தானாகப் போகும் இடம் என்பதால், தொட்டி வால்வை மட்டும் நெருக்கத்தில் எடுத்துக் காட்டியிருந்தேன். வாசலில் நின்று இரண்டும் தெரிகிற மாதிரி ஒரு காட்சி எடுத்து, 'வலது பக்கம் இருப்பது' என்று ஒரு வரி பேசி நடுவில் செருகினேன். ஆப்பில் 'எக்ஸ்போர்ட்' என்பதை அழுத்திய பிறகுதான் அது முழு வீடியோவாகப் போன் கேலரிக்கு வந்தது. கேட்டுச் சரிபார்த்து, எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

கோவையில் பேத்தி பிறந்த மூன்றாம் நாள் டீச்சரிடமிருந்து செய்தி வந்தது: "தொட்டி ரொம்பிடுச்சுக்கா. மோட்டார ஆஃப் பண்ணிட்டேன்."

போன் செய்து விசாரிக்கக் கை பரபரத்தது. எட்டு வீடும் நான் இல்லாமல் குளித்துவிட்டது என்பதில் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது. ஆனால் பேத்தி என் விரலைப் பிடித்திருந்தாள். போனைக் கவிழ்த்து வைத்தேன்.