குவியலின் அடிப்பக்கம்

சாம்பிள் அக்காவுக்குச் சந்தேகம் பிறவியிலேயே வந்தது. காய்கறிக்காரர் நிறுத்துக் கொடுத்ததை வீட்டுத் தராசில் ஒருமுறை ஏற்றிப் பார்க்காவிட்டால் அவருக்குச் சமையலில் கை போகாது. வீட்டுக்காரர் மாத்திரை போட்டாச்சு என்று சொன்னால், அட்டையில் எத்தனை மிச்சம் என்று போய் எண்ணுவார். அந்த மனிதர் பாவம், இருபது வருஷமாக எண்ணப்பட்டுக்கொண்டே வாழ்கிறார். இப்பேர்ப்பட்டவர் சாம்பிள் எடுத்துத் தரம் பார்க்கும் வேலைக்கு வந்து அந்தப் பெயரையும் வாங்கியதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை.

வேலை குப்பை எரிபொருள் ஆலையில். பழைய இரும்புக் கடைக்காரர்கூட வேண்டாம் என்று தள்ளிவிடும் காய்ந்த குப்பை அங்கே வரும்: கிழிந்த பிளாஸ்டிக் உறை, உள்ளே வெள்ளிப் பூச்சுள்ள தின்பண்டப் பொட்டலம், கந்தல், அறுந்த செருப்பு. சல்லடை மண்ணைப் பிரிக்கும், காந்தம் இரும்பைப் பிடிக்கும். ஓடும் பெல்ட்டின் இருபுறமும் எட்டுப் பெண்கள் நின்று ஆகாததைப் பொறுக்கி எறிவார்கள். மிச்சத்தை இயந்திரம் இரண்டு விரல் அகலத்துக்கு நறுக்கித் தள்ளும். அந்தப் பஞ்சு போன்ற துணுக்குக் குவியல் லாரியில் சிமெண்ட் ஆலைக்குப் போய், சூளையில் நிலக்கரிக்குப் பதிலாக எரியும்.

எரியட்டும் என்று எதையும் அனுப்பிவிட முடியாது. ஈரம் நூற்றுக்கு இருபதைத் தாண்டக் கூடாது, சாம்பல் பதினைந்தை. குளோரின் ஒன்றைத் தாண்டினால் லாரி வந்த வழியே திரும்பிவிடும். ஃபிளெக்ஸ் பேனர், ரெக்சின், மின்கம்பி உறை, மாத்திரை அட்டை, இவற்றில் இருக்கிற பிவிசிதான் குளோரினின் தாய்வீடு. சூளையில் அது ஆவியாகி மேலே ஏறி, சூடு குறைந்த குழாய்களில் பிசுபிசுவென்று படிந்து இறுகும். அடைத்துக்கொண்டால் சூளையையே நிறுத்தி ஆட்களை விட்டு உடைத்து எடுக்க வேண்டும்.

அப்படித்தான் மழைக்காலத்தில் அங்கே ஒருமுறை அடைத்தது. அதிலிருந்து சிமெண்ட்காரர்கள் ஒவ்வொரு லோடையும் தாங்களே சோதிக்கத் தொடங்கினார்கள். முதல் லோடில் குளோரின் ஒன்றே முக்கால். இரண்டாவதில் ஒன்றரை. சாம்பிள் அக்கா எடுத்து வெளி ஆய்வகத்துக்கு அனுப்பிய மாதிரிகளிலோ அரைக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். இன்னொரு லோடு திரும்பினால் ஒப்பந்தம் ரத்து என்று கடிதம் வந்தது. அந்த ஒப்பந்தம் போனால் ஆலையில் இருபத்தாறு பேரும் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

அக்காவுக்கு மூக்கில் வியர்த்தது. தன் மாதிரியில் இல்லாதது லாரியில் எப்படி இருக்கும்? மாதிரி எடுத்த பிறகு யாரோ கலக்கிறார்கள். பக்கத்தில் செருப்புப் பட்டறை ஒன்று உண்டு, ரெக்சின் கழிவை எங்கே கொட்டுவது என்று திண்டாடுகிற இடம். மாதிரிக்கும் லாரிக்கும் நடுவில் இருப்பவர் ஒரே ஒருவர்: குவியலிலிருந்து அள்ளி லாரியில் போடும் லோடர் டிரைவர்.

அந்த டிரைவர் அக்காவின் தங்கை கணவர். வேலை வாங்கிக் கொடுத்ததே அக்காதான். அதற்கு முன் அவர் வண்டி ஓட்டியது அந்தச் செருப்புப் பட்டறைக்கு!

சொந்தமாயிற்றே என்று விடுகிற ஆளா அக்கா? ஒரு வாரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். பட்டறைக்காரர் கேட் ஓரம் நின்று டிரைவரோடு சிரித்துப் பேசியதை இரண்டு முறை கண்டார். என்ன பேச்சு என்று கேட்டதற்கு, "சும்மாதான் அக்கா, பழைய பழக்கம்," என்று பதில் வந்தது. 'சும்மா' என்ற சொல்லை அக்கா வாழ்நாளில் நம்பியதில்லை.

ஒரு நாள் அவர் குவியலின் மேலிருந்து கைநிறைய அள்ளிப் பையில் போட்டுக்கொண்டிருந்தபோது டிரைவர் வண்டியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அக்கா, மேலயே அள்ளுறீங்களே. அடியில வேற மாதிரி சரக்குல்ல கெடக்கு."

அக்கா நிமிர்ந்தார். "அடியில என்ன இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தினமும் அள்ளுறவன் நான். எனக்குத் தெரியாதா?"

போதாதா? வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார் என்று அக்கா முடிவு கட்டினார். அன்று மதியமே மேலாளர் அறைக்குப் போய், லோடர் டிரைவர் மேல் பலமான சந்தேகம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் டிரைவர் வேலையில் இல்லை. தங்கை போனில், "உனக்கு அவரைத் தெரியாதா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். அன்றிரவு அக்கா சாப்பிடவில்லை; ஆனாலும் தான் செய்தது சரி என்றே நம்பினார்.

மூன்றாவது லோடு புதிய டிரைவரோடு. அவரையும் அக்கா நம்பவில்லை. காலையிலிருந்து குவியலுக்கும் லாரிக்கும் நடுவில் காவல் நின்றார். பட்டறைக்காரர் தலை தெரியவில்லை, எவரும் எதையும் கலக்கவில்லை. லோடரின் வாளி குவியலின் அடியைக் குடைந்து நிமிர்ந்தபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

அவரிடம் ஒரு செம்புக் கம்பி எப்போதும் உண்டு. அதைத் தீயில் பழுக்கக் காய்ச்சி, பிளாஸ்டிக் துண்டின் மேல் அழுத்தி, மறுபடி தீயில் காட்டினால், பிவிசி என்றால் சுடர் பச்சையாகும். வாளியிலிருந்து கனமான சில்லு ஒன்றை எடுத்தார். பச்சை. இன்னொன்று ஃபிளெக்ஸ் துணுக்கு. பச்சை. செருப்புத் துண்டு, பச்சை. குவியலின் மேலேறிப் பத்துத் துண்டு பொறுக்கிச் சோதித்தார். ஒன்றில்கூடப் பச்சை இல்லை.

அக்கா அப்படியே குவியல் மேல் உட்கார்ந்துவிட்டார். உறைத் தாள் லேசானது, மேலேயே நிற்கும். பிவிசி கனமானது, வண்டி அதிர அதிர இடுக்கு வழியே இறங்கி அடியில் சேரும். மழையில் லாரி வராமல் குவியல் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்ததில் இன்னும் நன்றாகவே இறங்கியிருக்கிறது. அவர் அள்ளியது மேலே, லோடர் அள்ளியது அடியில். யாரும் எதையும் கலக்கவில்லை. பெல்ட்டில் கண் தப்பியதுதான் அது, தினம் தினம் தப்பியது. மூன்று வருஷமாக அவர் கை ஒரு குவியலின் முகத்தை மட்டும் தடவிவிட்டு, முழுதும் சுத்தம் என்று சான்று கொடுத்திருக்கிறது. ஊரெல்லாம் சந்தேகப்பட்டவர் தன் கையைச் சந்தேகப்படவில்லை.

லாரியைத் தடுத்து நிறுத்திவிட்டு மேலாளரிடம் போனார்.

"லோடை அனுப்பாதீங்க சார். முழுக்கத் திருப்பி பெல்ட்ல ஏத்தணும். மாதிரியை இனிமே நறுக்குற மெஷின்ல இருந்து விழும்போதே, குறுக்க முழுசாப் பிடிச்சு, கால் மணிக்கு ஒரு தடவை எடுக்கணும். இத்தனை நாள் நான் எடுத்தது தப்பு."

மேலாளர் கதவைச் சாத்தினார். "சரி, செஞ்சிடலாம். ஆனா எழுத்துல எதுக்கு? டிரைவர்தான் போயாச்சே. அவரு கணக்கிலயே இருந்துட்டுப் போகட்டும். உங்க பேரு கெடாது."

ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், அக்காவுக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. அப்படிப் பட்டதில் அவருக்கே தன்மேல் அருவருப்பு வந்தது. தாளை இழுத்து எழுதினார்: தவறு மாதிரி எடுத்த என்னுடையது, டிரைவர் எச்சரித்தும் நான் கேட்கவில்லை.

நாலு நாள் பொறுக்கி, மறுபடி நறுக்கி அனுப்பிய லோடு குளோரின் முக்காலோடு தேறியது. ஒப்பந்தம் பிழைத்தது. அன்று சாயங்காலம் மேலாளரின் கையெழுத்துப் போட்ட வேலை உத்தரவோடு அக்கா தங்கை வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்த தங்கை உள்ளே வா என்று சொல்லவில்லை. வழியை மட்டும் விட்டாள்.

டிரைவர் உத்தரவை நிதானமாகப் படித்தார். கூடவே அக்கா எழுதிய தாளின் நகலையும் படித்தார்.

"என்னை மன்னிச்சிடு," என்றார் அக்கா. "நாளைக்கே வந்துடு. வண்டி உனக்காக நிக்குது."

"மன்னிக்க என்ன அக்கா இருக்கு. மனசுல ஒண்ணும் வெச்சுக்கல." டிரைவர் தாள்களை மடித்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "ஆனா வரல. நான் வாளியைத் தூக்குற ஒவ்வொரு தடவையும் நீங்க பார்ப்பீங்க. பார்க்காம இருக்க உங்களால முடியாது."

இல்லை, பார்க்க மாட்டேன் என்று சொல்ல அக்கா வாயைத் திறந்தார். பொய் சொல்ல வரவில்லை.