மூடாத வால்வு

அந்த பிளம்பருக்கு ஐம்பத்தொரு வயது. பயிற்சிக்கூடத்தில் எல்லோருக்கும் அவர் பெரியப்பா. சான்றிதழ் இல்லாதவர் திங்கள் முதல் கேட்டுக்குள் வரக்கூடாது என்று அவர் வேலை பார்க்கும் கம்பெனி சொல்லிவிட்டது. இரண்டு முறை கோட்டைவிட்ட தேர்வுக்கு மறுபடி வந்து நின்றார்.

தேர்வாளர் அம்மா பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாக டிக் போட்டார். பெரியப்பா பைப்பை நேராக அறுத்தார், பிசிறு எடுத்தார், பசை தடவிச் செருகி அழுத்திப் பிடித்தார். பசை காயும்வரை காத்திருந்தார். பிறகு தண்ணீர் நிரப்பி, மேல் குழாயைத் திறந்து காற்றை வெளியேற்றி, கைப்பம்பால் பத்து பார் அழுத்தம் ஏற்றினார். இனி அரை மணி நேரம் அழுத்தமானியின் முள் இறங்கக் கூடாது.

ஐந்தே நிமிடத்தில் ஒன்பதுக்கு இறங்கியது.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, பைப்பை ஒட்டிய ஒவ்வொரு இணைப்பையும் காகிதத்தால் ஒற்றிப் பார்த்தார். ஒன்றிலும் ஈரமில்லை. கடைசியில் பம்புக்கும் பைப்புக்கும் நடுவில் இருந்த வால்வில் கை வைத்தார். அது திறந்தே கிடந்தது. அழுத்தம் பம்பு வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

“அடச்சே! இருபது வருஷமா இதைக் கையாள்தாம்மா மூடுவான். நான் பம்பு அடிச்சுட்டு டீ குடிக்கப் போயிடுவேன்.”

“இங்க கையாளும் இல்ல, டீயும் இல்ல. வால்வுக்குத் தப்பு போட்டுட்டேன். ஒட்டு ஒழுகலைங்கறதால இன்னொரு தடவை ஏத்தலாம். அதோட சரி.”

ஏற்றினார், மூடினார், கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தார். அரை மணி நேரமும் முள் பத்திலேயே நின்றது.

“எழுந்திரிங்க பெரியப்பா, பாஸ்.”

“இருங்கம்மா, கால் மரத்துப்போச்சு.”