பந்தைக் கால் தொட்ட நொடி

தாம்பரம் மைதானங்களில் பன்னிரண்டு வருடம் விசில் ஊதியவள் நான். ஜன்னல் இல்லாத அறைக்குள் உட்கார்ந்து நடுவர் வேலை பார்ப்பது லேசில் பழகவில்லை. வெளிநாட்டில் நடந்த அந்த மகளிர் கால்பந்துத் தொடரில் நான் வீடியோ உதவி நடுவர். என் வலப்பக்கம், கேட்ட காட்சியை எடுத்துத் தரும் ஆபரேட்டர். இடப்பக்கம், துணைக்கு இன்னொரு நடுவர்.

முதல் பாதியில் காட்டப்பட்ட ஒரு மஞ்சள் அட்டை தவறு என்று திரையிலேயே தெரிந்தது. ஆனாலும் பேசவில்லை. கோல், பெனால்டி, நேரடி சிவப்பு அட்டை, ஆள் மாற்றி அட்டை காட்டுவது, இந்த நான்கில் தெளிவான தவறு நடந்தால்தான் அந்த ஆட்டத்தில் நான் வாயைத் திறக்கலாம்.

எழுபத்தெட்டாவது நிமிடம். நீண்ட பாஸைத் துரத்திப் போன முன்கள வீராங்கனை கோலுக்கு முன்னால் இருக்கும் பெனால்டி பெட்டிக்குள், எதிரணிக்காரி காலை இடறிவிட, விழுந்தாள். மைதான நடுவர் பெனால்டி கொடுத்தார். பார்த்தோம், உண்மையிலேயே ஃபவுல்தான்.

"முடிஞ்சுதா?" என்று காதுக்குள் கேட்டார் மைதான நடுவர்.

"இல்ல. அந்த பாஸ்ல ஆஃப்சைடு இருக்கான்னு பாக்கணும். நிறுத்தி வைங்க."

பாஸ் கொடுத்தவளின் கால் பந்தை முதலில் தொட்ட நொடி வேண்டும். அந்த நொடியில் முன்கள வீராங்கனை கடைசித் தடுப்பு வீராங்கனையைத் தாண்டி நின்றிருந்தால் ஆஃப்சைடு. ஆஃப்சைடு கேமராவில் அந்தக் காலை இன்னொருத்தியின் முதுகு மறைத்தது. வேறு கேமராவில் நொடியைப் பிடித்து, அதே நொடிக்கு முதல் கேமராவைக் கொண்டுவந்தோம். ஒரு ஃப்ரேம் தள்ளினாலே கோடு மாறியது. தடுப்பு வீராங்கனையின் முழங்காலில் ஒரு கோடு, முன்கள வீராங்கனையின் தோளில் ஒரு கோடு. மைதான நடுவரின் மைக் வழியே அரங்கத்தின் கூச்சல் கேட்டது.

"இன்னும் எவ்வளவு நேரம்?"

"தெரியல. அவசரப்பட மாட்டேன்."

தோள்கோட்டை அழித்து மறுபடி வைக்கச் சொன்னேன். அதே முடிவுதான் வந்தது. "ஆஃப்சைடு. பெனால்டி இல்லை." நான்கு நிமிடத்துக்கு மேல் போயிருந்தது.

மறுநாள் காலை, பீர்க்கன்கரணையிலிருந்து பழைய சக நடுவர் ஒருவர் போன் செய்தார்.

"அக்கா, நாலு நிமிஷம் இன்னா பண்ணிகினு இருந்தீங்க? டிவில பாத்துட்டு பேஜாராயிடுச்சு."

"ஒரு காலைத் தேடிகிட்டு இருந்தேன்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முடிவு சரி, நேரம் அதிகம் என்று நடுவர்களின் வேலையை மதிப்பிடும் அதிகாரி எழுதியிருந்தார். எங்கள் அறையின் பதிவைப் போட்டுப் பார்த்தேன். கோடு போட அவ்வளவு நேரம் ஆகவில்லை. எந்த கேமராவில் தேடுவது என்று நான் தடுமாறியதில்தான் பாதி நேரம் போயிருந்தது.

அன்றே ஆபரேட்டரை அழைத்துக்கொண்டு அறைக்குப் போனேன். எந்த எண் கேமரா எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே சொல்லும்வரை எழுந்திருக்கவில்லை. அடுத்த ஆட்டத்திலும் அப்படியொரு ஆஃப்சைடு வந்தது. கால் தெரியும் கேமராவை நானே எண் சொல்லிக் கேட்டேன். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்தது. அதற்கும் அரங்கத்தில் கூச்சல் போட்டார்கள்.