பதிவில் இல்லாத மறுப்பு

நான் எழுதிய குறிப்புகளிலேயே சுத்தமான குறிப்பு என்று நான் பெருமைப்பட்டுக்கொண்ட ஒன்று, என் அண்ணனைக் கடலில் தொலைத்துவிடப் பார்த்தது. அதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வரவில்லை. இன்றைக்கும் நினைத்தால் என்மேலேயே எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

புதுமடத்தில் வீட்டு மாடியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து, நாட்டுப்படகுக்காரர்களின் போனில் ஓடும் ஒரு செயலியைச் செய்துகொண்டிருந்தோம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை படகு இருக்கும் இடத்தைப் போன் குறித்துக்கொள்ளும். சிக்னல் இருந்தால் உடனே அனுப்பும், இல்லாவிட்டால் சேர்த்துவைத்துச் சிக்னல் கிடைக்கும்போது பழையதிலிருந்து ஒவ்வொன்றாக அனுப்பும். முக்கால் மணி நேரம் ஒரு தகவலும் வராவிட்டால் கரையில் இருப்பவர் போனில் அபாய மணி அடிக்கும். ஊரில் ஆறு படகுகளில் சோதனைக்குப் போட்டிருந்தோம். அதில் ஒன்று என் அண்ணன் படகு. நான்தான் கெஞ்சிப் போடவைத்தேன்.

வாரம் ஒரு நாள் கோட் ரிவ்யூ நடக்கும். ஒருவர் எழுதிய நிரலை மற்றவர்கள் வரிவரியாகப் பார்த்துக் குற்றம் குறை சொல்வார்கள். எல்லாம் வீடியோ காலில்தான். அதைப் பதிவு செய்துவைப்போம். பிறகு நான் பதிவைக் கேட்டு, இரண்டு தலைப்பில் எழுத வேண்டும்: ஒப்புக்கொண்ட மாற்றங்கள், இன்னும் தீராத கருத்து வேறுபாடுகள். முதல் தலைப்பில் இருப்பதைத் தயங்காமல் நிரலில் சேர்த்துவிடுவார்கள். இரண்டாவதில் இருப்பதை முடிவாகும்வரை யாரும் தொடக்கூடாது. அவ்வளவு பெரிய அதிகாரம் என் கையில் இருந்தது எனக்கே அப்போது தெரியாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை பேச்சு நேரத்தைப் பற்றியது. படகு கடைசியாகத் தென்பட்டது எப்போது என்று திரையில் காட்டுகிறோமே, அது யார் கடிகாரப்படி? போன் இடத்தைக் குறித்த நேரமா, எங்கள் சர்வருக்குத் தகவல் வந்து சேர்ந்த நேரமா? நிரல் எழுதிய கோயம்புத்தூர்க்காரர் வந்து சேர்ந்த நேரத்துக்கு மாற்றியிருந்தார். "கடலுக்குப் போறவங்க போன்ல டைம் எப்படி இருக்கும்னே சொல்ல முடியாதுங்க. நம்ம சர்வர் டைம்தான் நம்பிக்கை," என்றார். அந்த நேரத்தில் நான் அடுப்பில் குழம்பு வைத்திருந்தேன். பதிவாகிறதே, பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று கீழே இறங்கிப் போய்விட்டேன். பதிவு இருக்கிறது என்ற தைரியத்தில் எதையும் கேட்காமல் விடுவது எங்கள் தொழிலின் சாபக்கேடு.

சாயங்காலம் பதிவைக் கேட்டேன். அவர் பேசுகிறார். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு மதுரையிலிருந்து எங்கள் டீம் லீட், "ம்... பார்த்தேம்மா. சரி, அடுத்ததுக்குப் போவோம்," என்கிறார். மறுத்து ஒரு குரலும் இல்லை. ஒப்புக்கொண்ட மாற்றங்கள் என்பதன் கீழ் மூன்றாவதாக எழுதினேன்: கடைசியாகத் தென்பட்ட நேரமும் அபாய மணியும் சர்வர் நேரப்படி. இரண்டாம் தலைப்பின் கீழ், எதுவும் இல்லை. அந்த 'எதுவும் இல்லை' என்பதை எழுதும்போது எனக்கு எவ்வளவு சந்தோஷம்! எல்லோருக்கும் அனுப்பி, திருத்தம் இருந்தால் நாளைக்குள் சொல்லுங்கள் என்றேன். யாரும் சொல்லவில்லை. வியாழக்கிழமை ஆறு படகுகளுக்கும் புது நிரல் ஓடத் தொடங்கிவிட்டது.

சனிக்கிழமை அண்ணன் விடியுமுன் போனார். வழக்கமாகப் பதினோரு மணிக்குக் கரைக்கு வந்துவிடுவார். பன்னிரண்டரைக்கு அண்ணனின் மனைவி, என் மதினி, மாடிப்படி ஏறி வந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஏத்தா, அவுக இன்னும் வரலயே. காத்து வேற கச்சானாத் தூக்குது. ரெண்டு வள்ளத்த அனுப்பிப் பாக்கச் சொல்லவா?"

நான் பெரிய இவள் மாதிரி லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். அண்ணனின் புள்ளி கரைக்கு நேராக, அதிகத் தொலைவில்லாமல் இருந்தது. பக்கத்தில் எழுதியிருந்தது: இரண்டு நிமிடத்துக்கு முன் தென்பட்டது.

"இங்கனதான் மதினி இருக்காக. வந்துக்கிட்டு இருக்காக. எதுக்கு அடுத்தவுகள அலைய விடணும்?"

அவர் என்னை நம்பினார். படித்தவள் சொல்கிறாள், அதுவும் நானே செய்த செயலி. கரையில் கிளம்ப நின்ற இரண்டு படகுக்காரர்களையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து, என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

ஒரு மணிக்குப் புள்ளி நகர்ந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, "பாத்தீகளா," என்றேன். இன்னொரு முறை நகர்ந்தது. மதினிதான் முதலில் பார்த்தார். எழுத்துக்கூட்டிப் படிப்பவர்தான், ஆனால் கடல் எந்தப் பக்கம் கரை எந்தப் பக்கம் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ஏத்தா, வாரவுக எதுக்கு வெளியில போறாக?"

புள்ளி கரையை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தது. இந்தக் கச்சான் மேல்காற்றில், சாப்பாட்டு நேரத்துக்கு, எந்தப் பைத்தியக்காரன் ஆழத்துக்குப் படகை விடுவான்? அது அண்ணன் காலையில் போன வழி. சிக்னல் விட்டுப்போன இடத்திலிருந்து சேர்த்துவைத்ததை, காலையிலிருந்தே அரைகுறைச் சிக்னல் கிடைத்தபோதெல்லாம் போன் ஒவ்வொன்றாக அனுப்பிக்கொண்டிருந்தது. சர்வர் ஒவ்வொன்றுக்கும் 'இப்போது' என்று முத்திரை குத்தியது. பழைய இடத்தைப் புது இடம் என்று காட்டியது. தகவல் வந்துகொண்டே இருந்ததால் அபாய மணியும் அடிக்கவில்லை.

டீமில் நான்காவது ஆள், மண்டபம் அகதிகள் முகாமிலிருந்து வேலை பார்க்கும் பெண். முகாமிலேயே பிறந்தவள், பேச்சு மட்டும் அவள் அம்மாவின் யாழ்ப்பாணப் பேச்சு. சர்வரைக் கவனித்துக்கொள்பவள் அவள்தான். போன் போட்டு, கத்தினேன். போன் குறித்த நேரத்தை நாங்கள் காட்டவில்லையே தவிர அழிக்கவில்லை. அவள் மூல வரிகளைத் திறந்து படித்தாள்.

"கடைசியா வந்த இடம் போன் கணக்குக்குக் காலமை ஏழு மணி, அக்கா. அதுக்குப் பிறகு ஒண்டும் வரேல்ல."

மணி அப்போது ஒன்று இருபது. மதினி படியில் தடதடவென்று இறங்கிக் கரைக்கு ஓடினார். நான் போனை வைக்காமல், "இப்படி ஆகும்னு யாருக்குமே தோணலயா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நான் சாட்டில எழுதினனான் அக்கா. பழைய இடம் புதுசாத் தெரியும், போன் நேரம்தான் வேணும் எண்டு."

அவளுக்கு முகாமில் நெட் இழுத்து இழுத்து வரும். குரல் உடைந்துபோகும் என்பதால் ரிவ்யூவில் அவள் எப்போதும் சொல்ல வேண்டியதைச் சாட்டில்தான் எழுதுவாள். எங்கள் பதிவில் குரலும் திரையும்தான் விழும், சாட் விழாது. அந்தச் சத்தமில்லாத நேரம் லீட் அவள் எழுதியதைப் படித்த நேரம். 'பார்த்தேம்மா' என்றது அதைத்தான்.

"நான் அனுப்பின குறிப்பப் பார்த்தியா? ஏன் சொல்லல?"

"ஒப்புக்கொண்டது எண்டு நீங்கள் எழுதியிருந்தீங்கள். நான் ஒப்பந்தத்தில இருக்கிற ஆள். முடிஞ்சதத் திருப்பிக் கிளற எனக்குப் பயமா இருந்தது."

அவளை என்ன சொல்வது? குழம்பு தீயக்கூடாது என்று இறங்கிப் போனவள் நான்.

கரையில் நான்கு படகுகள் கிளம்பின. முக்கால் மணி நேரத்துக்கு முன்னால் போயிருக்க வேண்டிய படகுகள். காற்று கிழக்காகத் தள்ளியிருக்கும், தனுஷ்கோடிக்கு அங்கிட்டுப் போய்விட்டால் எல்லை, அந்தப் பக்கத்துக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விடும் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். மதினி மணலில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போனதும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். வேணுமென்றே செய்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. கும்பிடத் தெரிந்த சாமியை எல்லாம் கும்பிட்டேன். உயிரோடு வரட்டும், கையைக் காலை ஒடித்துக்கொண்டாவது வரட்டும் என்று பேரம் பேசினேன்.

பொழுது சாயும்போது கட்டி இழுத்து வந்தார்கள். படகின் அடியில் சுழலும் விசிறியில் வலை சுற்றிக்கொண்டு இன்ஜின் நின்றிருக்கிறது. குடிதண்ணீர் காலையிலேயே தீர்ந்துவிட்டதாம். அண்ணனுக்கு உதடு வெடித்து, உள்ளங்கை வலைக்கயிறு அறுத்துக் கிழிந்திருந்தது. என்னைப் பார்த்து, "இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா எல்லையத் தாண்டிருப்போம்ல," என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். நான் அழுதுவிட்டேன்.

மறுநாள் அவருடைய போனை வாங்கிப் பார்த்தேன். அதில் கடிகாரம் நாற்பது நிமிடம் முன்னால் ஓடியது.

"நாந்தான் கூட்டி வச்சேன். மணி மூணரைன்னு காட்டுனாத்தான் பதறி எந்திரிப்பேன். நம்மூருல எல்லாரும் அப்படித்தேன் வச்சிருக்காக," என்றார். சுவர்க் கடிகாரத்துக்குச் செய்வதைப் போனுக்கும் செய்திருக்கிறார்கள். ஏழு மணி என்று நாங்கள் நம்பித் தேடப் போனது உண்மையில் ஆறு இருபது. அந்தக் கோயம்புத்தூர்க்காரர் சொன்னதும் பொய்யில்லை.

திங்கட்கிழமை மறுபடி ரிவ்யூ. இந்தத் தடவை நான் நகரவில்லை. புது நிரலை உடனே திரும்ப எடுப்பது, திரையில் இரண்டு நேரத்தையும் தனித்தனியாகக் காட்டுவது, சாட்டையும் பதிவோடு சேர்த்துவைப்பது, இவை மூன்றுக்கும் நால்வரும் வாய்விட்டு ஒப்புக்கொண்டார்கள். அபாய மணி யார் கடிகாரப்படி அடிப்பது என்று வந்தபோது முகாம் பெண் போன் நேரம் என்று சாட்டில் எழுதினாள். கோயம்புத்தூர்க்காரர் தலையைக் குனிந்துகொண்டு ஒன்றும் பேசவில்லை.

"போன் டைம்னு முடிஞ்சதாப் போட்ருங்கம்மா. இனி யாரும் மறுக்க மாட்டாங்க," என்றார் லீட்.

எழுத எனக்குக் கை துடித்தது. என் அண்ணன் உதடு வெடித்து வந்தவர். அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? முதல் தலைப்பின் கீழ் எழுதியும் விட்டேன். அனுப்ப முடியவில்லை. கோயம்புத்தூர்க்காரருக்குப் போன் போட்டேன்.

"நீங்க ஒத்துக்கிட்டீங்களா, இல்ல பேசாம இருந்தீங்களா?"

"உங்க அண்ணனுக்கு அப்படி ஆனதுக்கப்புறம் நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுங்க பேசறது?" என்றார். பிறகு, "ஆனா ஒத்துக்கலைங்க. கடிகாரம் நாப்பது நிமிஷம் முன்னாடி ஓடுனா, பழைய தகவல் புதுசு மாதிரித் தெரிஞ்சு, அபாய மணி நாப்பது நிமிஷம் லேட்டா அடிக்கும்," என்றார்.

எழுதியதை வெட்டி, இரண்டாவது தலைப்பின் கீழ் ஒட்டினேன். இருவர் காரணத்தையும் அவரவர் சொன்னபடியே எழுதினேன். என் தரப்பு என்று ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. இவ்வளவு கசப்போடு நான் எதையும் எழுதியதில்லை.

அன்று சாயங்காலம் மதினி வந்தார். மறுநாள் அண்ணன் வேறு படகில் போவதாகச் சொன்னார். "அந்த மணி சரியாயிருச்சா? இனிமே நேரத்துக்கு அடிக்குமா?" என்று கேட்டார்.

"இன்னும் முடிவாகல மதினி."

அவர் திட்டவில்லை. படியில் உட்கார்ந்தார். "அப்ப முடிவாகுற வரைக்கும் அவுக போற அன்னைக்கெல்லாம் நீ எங்கூடக் கரையில வந்து உக்காரு," என்றார்.

மறுநாள் பத்து மணிக்கே போய் உட்கார்ந்தேன்.